புதன்கிழமை என்று சொன்னேன்

ஈப்போ கம்பெனி எனக்கு ஏன் வேலை கொடுக்கவில்லை என்று நீங்கள் இருவரும் கேட்டபோது, வயசுதான் காரணம் என்று சொன்னேன். நாற்பத்தெட்டு வயது ஆளை யார் எடுப்பார்கள் என்று சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். பெரியவள் அந்தக் கம்பெனியின் மீ நூடுல்ஸ் பாக்கெட்டைக் கடையில் பார்த்தால் இன்றைக்கும் வாங்க மாட்டாள். அப்பாவை வேண்டாம் என்று சொன்னவர்களின் மீ நமக்கு எதற்கு என்பாள்.

அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை எனக்குத்தான் வருவதாக இருந்தது. அது கை நழுவியதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு நாள். உங்கள் அம்மாவுக்கு இது தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்று இப்போது எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம், பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்று வருஷம். தப்பிருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பாய்லர்மேன். கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்பவன். தண்ணீர் மட்டம், நீராவி அழுத்தம், எரியும் தீ, இந்த மூன்றையும் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். அரசாங்கச் சான்றிதழ் இல்லாதவன் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. சான்றிதழ் உள்ளவன் அந்த இடத்தை விட்டுப் போகவும் கூடாது. பதினாறு வருஷம் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அப்படி நின்றேன். கையுறைக்குக் கிராக்கி இறங்கியதும் ஒவ்வொரு லைனாக நிறுத்தினார்கள். கடைசியில் மூன்று மாதத்தில் மொத்தமாக மூடுகிறோம் என்று கடிதம் கொடுத்தார்கள்.

வேலை தேட ஆரம்பித்தபோதுதான் அந்தப் பெண் பழக்கமானாள். கோலாலம்பூரில் ஒரு ஏஜென்சியில் ரெக்ரூட்டர். கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுப்பது அவள் வேலை. ஆள் சேர்ந்தால் கம்பெனி ஏஜென்சிக்குக் கூலி தரும், நம்மிடம் ஒன்றும் வாங்க மாட்டார்கள். தமிழ்ப் பிள்ளைதான். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். இன்றுவரை அவள் முகத்தை நேரில் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம். என்னை அங்கிள் என்பாள்.

அவள்தான் அந்த மீ கம்பெனியைச் சொன்னாள். புந்தோங்கில் இருக்கும் நம் வீட்டிலிருந்து மோட்டார்சைக்கிளில் கால் மணி நேரம். மூன்று ஷிப்டு. எந்த ஷிப்டாக இருந்தாலும் ஒரு நாளில் ஒரு வேளையாவது உங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். சம்பளம் அங்கேயும் இப்போது நான் இருக்கும் இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு அது பெரிதில்லை. பெரியவளுக்கு அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை, எஸ்.பி.எம். சின்னவன் நான்காம் வகுப்பு. வீட்டில் இருந்தே வேலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

முதல் நேர்காணல் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியது. இரண்டாவதற்குத் தொழிற்சாலைக்கே கூப்பிட்டார்கள். சீன எஞ்சினியர் ஒருவர் பாய்லர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர்க் கண்ணாடியைக் காட்டி, மட்டம் தெரியாமல் போனால் முதலில் என்ன செய்வாய் என்று மலாயில் கேட்டார். தீயை நிறுத்துவேன், தண்ணீர் விடமாட்டேன் என்றேன். சூடேறிய வெறும் பாய்லரில் குளிர்ந்த தண்ணீரை விட்டால் வெடிக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும். அவர் சிரித்தார். முன்னால் வந்த இரண்டு பேர் தண்ணீர் விடுவேன் என்றார்களாம். வெளியே வரும்போது, "பீலா போலே மாசோக்?" என்று கேட்டார். எப்போது சேர முடியும் என்று அர்த்தம். அந்தக் கேள்வியை நான் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம்.

ஏழு வாரமும் நான் கூப்பிடுவேன், அவள் சொல்லுவாள்.

"அங்கிள், எஞ்சினியர் ஓகே சொல்லிட்டாரு. ஹெச்.ஆரும் ஓகே. ஹெட் ஆபீஸ்ல ஒரு சைன்தான் பாக்கி. இந்த வாரம் வந்துடும் லா."

அடுத்த வாரம் கூப்பிட்டால், "டைரக்டர் வெளியூர் போயிருக்காராம் அங்கிள். திங்கக்கிழமை கன்ஃபர்ம்."

திங்கட்கிழமை கூப்பிட்டால், "இந்த வாரம் கட்டாயம்."

அவள் பொய் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி அவளிடம் என்ன சொன்னதோ அதை அவள் என்னிடம் சொன்னாள். ஆனால் அவர்கள் சொன்ன நாள் ஒவ்வொன்றும் வந்தது, போனது. யாரும் வெட்கப்படவில்லை. நாள் தவறியது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் ஆள் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் எழுதிப் போட்டேன். அங்கே எல்லாம் வேகம். போய்ப் பார்த்த மூன்றாம் நாளே கடிதம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஆனால் அது நம் வீட்டிலிருந்து போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. தினமும் போய் வருவது நடக்கிற காரியம் இல்லை. அங்கேயே மில் குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வரலாம்.

கடிதம் வந்த சனிக்கிழமை மில் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கூப்பிட்டார். நம் ஆள்தான். கொஞ்சம் அதட்டிப் பேசுகிறவர்.

"அண்ணே, ஆஃபர் சூராட் கெடைச்சுச்சா? வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. அதுக்கப்பறம் ஆபீஸ்ல எல்லாரும் தொழுகைக்குப் போயிடுவாங்க. மேனேஜரு வேற ஆளப் பாத்துடுவாரு. அப்பறம் என்னைய சொல்லாதீங்க."

"இல்லண்ணே, அனுப்பிடுறேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

கையுறைத் தொழிற்சாலை மூட இன்னும் இரண்டு வாரம். ஈப்போ வேலைக்காக மில்லை விட்டு, ஈப்போவும் வராமல் போனால் நாம் நால்வரும் என்ன செய்வது? மில்லுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நாளே ஈப்போ வேலை வந்தால்? அப்படிப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்து வராது. ஆக, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஈப்போ பதில் வர வேண்டும். அதற்கு அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும்: வேறொரு கம்பெனி கெடு வைத்திருக்கிறது, கொஞ்சம் துரிதப்படுத்துங்கள் என்று. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எல்லாரும் கேட்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கெனோப்பிக் கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறாரே, அவர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"மச்சான், வெள்ளிக்கிழமைன்னு சொல்லிப்புடாத" என்றார்.

"கெடு வெள்ளிக்கிழமைதானே?"

"இருக்கட்டும். நீ வெள்ளின்னு சொன்னா அவன் திங்கக்கிழமை பதில் சொல்லுவான். நம்மாளுங்க எங்கிட்ட எப்படிச் சொல்லுவாங்க தெரியுமா? ரெண்டு மணிக்கு விருந்துன்னா, பத்து மணிக்குக் கெனோப்பி நிக்கணும், பன்னெண்டு மணிக்கு விருந்துன்னு சொல்லுவாங்க. எனக்கு தெரியும், அது ரெண்டு மணி விருந்துன்னு. நான் பன்னெண்டுக்குப் போயி மெதுவா கட்டுவேன். எல்லாம் சரியா நடக்கும்."

"அப்ப அவங்க சொல்றதும் பொய், நீ கேக்குறதும் பொய்."

"பொய்யில்ல மச்சான். அட்ஜஸ்ட்மென்ட்டு. புதன்கிழமைன்னு சொல்லு. ஏழு வாரமா ஒன்ன இழுத்தடிக்கிறானுங்க. ரெண்டு நாளு நீ இழுத்தா என்ன?"

உங்கள் அம்மா உள்ளே இருந்து, "உள்ள நாளையே சொல்லுங்களேன். எதுக்கு வம்பு?" என்றாள்.

"ஒனக்கு ஒன்னும் தெரியாது, நீ போய் டீயப் போடுக்கா" என்றார் மாமா.

மாமாமேல் பழி போட நான் இதை எழுதவில்லை. அவர் சொன்னது எனக்குப் புதிது இல்லை. நான் பிறந்து வளர்ந்ததே அப்படித்தான். தோட்டத்தில் ஆறு மணிக்குக் கூட்டம் என்றால் ஏழரைக்குத்தான் ஆள் சேரும். அதனால் ஏழரைக்குக் கூட்டம் வைக்கிறவன் ஆறு மணி என்று சொல்வான். என் கல்யாணப் பத்திரிகையிலும் வரவேற்பு ஆறரை மணி என்று அச்சடித்தோம். நாங்கள் மேடைக்குப் போனது எட்டேகாலுக்கு. ஒருவரும் ஏமாந்து போகவில்லை. வந்தவர்களும் எட்டு மணிக்குத்தான் வந்தார்கள். எங்களுக்குள் நாள் சொல்வதும் நேரம் சொல்வதும் இப்படி. சொல்கிறவன் கூட்டிச் சொல்வான், கேட்கிறவன் கழித்துக்கொள்வான். எல்லா இடத்திலும் கழித்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டேன். அதிலும் ஏழு வாரம் நாள் தவறிக்கொண்டே இருந்தவர்கள் நிச்சயம் கழித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"அம்மா, ஒரு விஷயம். எனக்கு வேற ஒரு கம்பெனில ஆஃபர் லெட்டர் வந்திருச்சு."

"ஓ, கங்கிராட்ஸ் அங்கிள். அப்ப இது வேணாமா?"

"ஐயோ, இல்லம்மா. எனக்கு இதுதான் வேணும். வீட்டுக்குப் பக்கம். ஆனா அவங்க கெடு வச்சிருக்காங்க. அதுக்குள்ள பதில் சொல்லணும். நீங்க கொஞ்சம் சீக்கிரம் பாத்துச் சொல்ல முடியுமா?"

"என்னைக்கு அங்கிள் டெட்லைன்?"

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். உள்ள நாளைச் சொல்ல நாக்கில் ஒரு தடையும் இல்லை. இருந்தும்,

"புதன்கிழமை" என்றேன்.

"புதன் எத்தனை மணிக்கு?"

இப்படிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அஞ்சு மணி" என்றேன். ஆபீஸ் மூடுகிற நேரம்.

"ஓகே அங்கிள், எழுதிக்கிட்டேன். நான் அவங்ககிட்ட சொல்றேன். டெட்லைன் இருந்தா எனக்கும் புஷ் பண்ண ஈஸி. வெறுமனே கேட்டா அவங்க நகர மாட்டாங்க."

எழுதிக்கொண்டேன் என்று சொன்னாள். என்ன எழுதினாள் என்று நான் யோசிக்கவில்லை. புதன், ஐந்து மணி. அதைத்தான் எழுதியிருக்கிறாள். கழிக்காமல், கூட்டாமல், நான் சொன்னதை அப்படியே.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும். நான் கேட்ட அன்றே வேலை செய்திருக்கிறாள். கம்பெனி ஹெச்.ஆருக்கு எழுதியிருக்கிறாள். எஞ்சினியரையும் நேரே கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். அவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, இந்த ஆள் போனால் எனக்கு வேறு நல்ல ஆள் கிடையாது என்று சொல்லியிருக்கிறார். ஏழு வாரம் அசையாத காகிதம் இரண்டு நாளில் அசைந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் கேட்டது பலித்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு செய்தியும் இல்லை. பார்த்தாயா, வெள்ளி என்று சொல்லியிருந்தால் இன்னும் படுத்துத் தூங்குவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை ஷிப்டு முடித்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இருவரும் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். நாலே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது. அவள்தான்.

நான் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதை உங்களுக்கு விளக்க எனக்கு இன்னும் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. எடுத்தால், அங்கே கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்பாள். இல்லை என்றால் நான் சொன்ன புதன்கிழமை பொய்யாகிவிடும். போட்டுவிட்டேன் என்றால் ஈப்போ வேலை போய்விடும். அது ஒரு பயம். இன்னொன்று, சொல்லவே அசிங்கமாக இருக்கிறது. ஏழு வாரம் நான் கூப்பிட்டேன், இன்றைக்கு அவர்கள் கூப்பிடட்டும் என்று ஒரு திமிர். கொஞ்சம் தவிக்கட்டுமே என்று நினைத்தேன். நம்மையும் ஒருத்தர் தேடிக் கூப்பிடுகிறார்களே என்று அந்த மணிச்சத்தம் காதுக்கு இனிப்பாகக்கூட இருந்தது.

"எடுங்களேன்" என்றாள் உங்கள் அம்மா.

"நாளைக்குப் பேசிக்கலாம்."

"அவங்க இன்னைக்குக் கூப்பிடுறாங்க."

"ஒனக்குப் புரியாது, சும்மா இரு" என்றேன். காலமெல்லாம் நான் உங்கள் அம்மாவிடம் சொல்லிவந்த வார்த்தை அது.

நின்றது. மறுபடியும் அடித்தது. நின்றது. ஐந்து மணிக்கு ஒரு செய்தி வந்தது: "அங்கிள், கால் மீ, அர்ஜன்ட்." திறந்தால் நான் பார்த்துவிட்டது அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் திறக்காமல் திரையில் தெரிந்ததை மட்டும் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

என் கணக்கு இதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிட்டு, அவர்கள் பெரிய மனசு பண்ணி இரண்டு நாள் கூடக் கொடுத்திருக்கிறார்கள், நாளை மதியம் வரை நேரம் இருக்கிறது என்று சொல்வது. முதல் பொய்யை இரண்டாவது பொய்யால் நேராக்குவது. அதற்குள் ஈப்போக்காரர்களும் பதறி ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன்.

"அங்கிள்!" என்றாள். "நேத்து எங்க போனீங்க?"

"வேலைல இருந்தேம்மா. போன் லாக்கர்ல மாட்டிக்கிச்சு." மூன்றாவது பொய். "நல்ல செய்தி. அவங்க ரெண்டு நாளு கூடக் குடுத்திருக்காங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும்."

 

"அங்கிள், நான் நேத்து அதுக்குத்தான் கூப்பிட்டேன். டைரக்டர் இன்னைக்குக் காலையில சைன் பண்றேன்னு சொல்லிட்டாரு. ஒரே ஒரு நாள் எக்ஸ்டென்ஷன் கேட்டுப் பாருங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க எடுக்கல. மெசேஜும் பாக்கல. அஞ்சு மணி தாண்டிருச்சு. அங்க சைன் பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்."

"அப்ப சைன் வந்துருச்சா?"

"காலையில ஒம்போதரைக்கு வந்துச்சு. ஆனா நான் நேத்து சாயந்தரமே ஹெச்.ஆர்.கிட்ட, கேன்டிடேட் வேற எடம் போயிட்டாருன்னு சொல்லிட்டேனே. டெட்லைன் தாண்டினா நான் சொல்லித்தான் ஆகணும் அங்கிள். அவங்க அந்த சைன வச்சு ரெண்டாவது ஆளுக்கு லெட்டர் அனுப்பிட்டாங்க."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். கெடு புதன்கிழமை இல்லை, முதலிலிருந்தே வெள்ளிக்கிழமைதான் என்று.

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏன் அங்கிள் அப்படிச் சொன்னீங்க? வெள்ளின்னு சொல்லியிருந்தா இன்னைக்குக் காலையில லெட்டர் உங்க கையில இருந்திருக்கும்."

"நீங்க ஏழு வாரமா நாளு சொல்லிச் சொல்லி..." என்று ஆரம்பித்தேன்.

"அது அவங்க சொன்னது அங்கிள். எனக்கும் புரியுது. ஆனா நான் உங்க பேச்ச நம்பித்தான் அவங்ககிட்ட சண்ட போட்டேன். இப்ப என் பேருக்கும் ஒரு மாதிரிதான்." பிறகு, "காலையில கேட்டுப் பாக்கிறேன். அந்த ஆளு இன்னும் அக்செப்ட் பண்ணலன்னா ஒரு சான்ஸ் இருக்கு. இந்த முறை போன எடுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். பத்தரைக்கு அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"சாரி அங்கிள். அவரு நேத்து சாயந்தரமே அக்செப்ட் பண்ணி ஈ-மெயில் அனுப்பிட்டாரு. எஞ்சினியரும் கேட்டுப் பாத்தாரு. கொடுத்த லெட்டர திரும்ப வாங்க முடியாதுன்னு ஹெச்.ஆர். சொல்லிட்டாங்க."

அவர்கள் சொன்னது நியாயம்தான். எனக்கு அனுப்பிய கடிதமாக இருந்தால் அதைத் திரும்ப வாங்க நான் விட்டிருப்பேனா?

பதினொன்றேகாலுக்குப் புந்தோங்கில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் மில் கடிதத்தை அச்செடுத்தேன். கடைக்காரருடைய பேனாவை வாங்கி அவர் மேசையிலேயே கையெழுத்துப் போட்டேன். அவர் ஸ்கேன் செய்து அனுப்பினார். "புது வேலையா அண்ணே? நல்லது லா" என்றார். ஆமாம் என்றேன். பதினொன்று முப்பத்தைந்துக்கு மில் கிராணி கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். உண்மையான கெடுவுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. வாழ்க்கையில் நான் நேரத்துக்கு முன்னால் செய்த ஒரே காரியம் அதுதான் போலிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் நீங்கள் கேட்டீர்கள். வயசு என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். அதையும் சேர்த்து நான்கு பொய்.

மில்லில் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, கிராணியோடு கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். அவர் வாயில் வைத்த ரொட்டியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே நீங்க. ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? அந்த வெள்ளிக்கு அடுத்த புதன்கிழமை வரைக்கும் மேனேஜரு டைம் குடுத்திருந்தாரு. நம்மாளுங்க லேட்டாத்தான் போடுவாங்கன்னு நான்தான் வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்."

அவர் கழித்துக்கொள்ளும்படி சொன்ன நாளை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். நான் கழித்துக்கொள்ளும்படி சொன்ன நாளை அந்தப் பெண் அப்படியே எடுத்துக்கொண்டாள். மில்லிடம் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கெடு வைத்தவனிடம் போய் நிற்பது எங்கள் ஆட்களுக்கு வராது. தோட்டத்து ஆபீசில் கிராணி ஒரு நாள் சொன்னால் சொன்னதுதான், என் அப்பா திரும்பக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், மறைக்கக் கூடாத இடத்தில் மறைத்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர்கள் ஏழு வாரம் சொன்ன நாட்களை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அவை தவறியதால் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. நான் சொன்னது ஒரே ஒரு நாள். அதை மட்டும் மணியோடு பிடித்துக்கொண்டார்கள். நான் செய்தது தப்பு என்று தெரியும். ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே தராசு இல்லை என்பதும் தெரியும். நீங்கள் பெரியவர்களாகி வேலை தேடும்போது, உள்ள நாளைச் சொல்லுங்கள், போன் வந்தால் எடுங்கள். அதைச் செய்தாலும் எதிர்ப்பக்கம் அதே நேர்மை இருக்கும் என்று மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பெரியவள் எஸ்.பி.எம். எழுதிய நாட்களில் நான் இங்கே தீக்கு முன்னால் நின்றேன். முடிவு வந்த அன்றும் இங்கேதான். சின்னவன் இப்போது என்னை வீட்டுக்கு வரும் விருந்தாளி மாதிரி பார்க்கிறான். போன முறை வந்தபோது, தண்ணீர் வேணுமா அப்பா என்று மரியாதையாகக் கேட்டான். வீட்டில் இருக்கிறவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

நான்கு மாதத்துக்கு முன் அந்தப் பெண்ணே செய்தி அனுப்பினாள். ஈப்போவில் வேறொரு தொழிற்சாலைக்குப் பாய்லர்மேன் வேண்டுமாம், அங்கிளுக்கு இஷ்டமா என்று. எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது. உடனே கூப்பிட்டேன்.

"இந்தத் தடவ வேற ஆஃபர், டெட்லைன் எதாச்சும் இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அவள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"ஒன்னும் இல்லம்மா. உண்மையாவே இல்ல" என்றேன்.

நேர்காணலுக்குப் போய் வந்தேன். நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் அவசரப்படுத்த என்னிடம் நாள் இல்லை. இன்னும் ஒரு பொய் நாள் சொல்ல எனக்கு வாய் வராது. வாரா வாரம் நான் கூப்பிடுகிறேன். நேற்றும் கூப்பிட்டேன்.

"ஒரு சைன்தான் பாக்கி அங்கிள்" என்றாள். "இந்த வாரம் வந்துடும் லா."